ஆரஞ்சு நகல்

புழலில் நான் வேலை பார்த்த குடோனுக்கு லாரி வந்தால் பாதி நாள் உள்ளே இருப்பது டிவியாகத்தான் இருக்கும். தட்டை டிவி இல்லை. பின்னால் தொப்பை வைத்த பழைய டிவி. அதிலும் பெரும்பாலும் 14 இஞ்ச். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று இருந்ததால் ஒவ்வொரு முறை தார்ப்பாயை விலக்கும்போதும் சொந்தக்காரர்களைப் பார்ப்பது போலிருக்கும்.

2006-இல் தொடங்கி 2011 வரை தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவிகள் அவை. எங்கள் தெருவில் அதற்குக் கலைஞர் டிவி என்றே பெயர். பின்னால் அதே பெயரில் சேனல் வந்தபோது, "கலைஞர் டிவியில கலைஞர் டிவி பாக்கறோம்" என்று அம்மா சிரிப்பாள். ரேஷன் கார்டைக் காட்டி வரிசையில் நின்று, ஆட்டோவுக்குக் காசில்லாமல் அப்பா தோளில் தூக்கி வந்த டிவி அது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். அத்தனையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழசாயின. ஒரே காலத்தில் வீட்டைவிட்டு வெளியேயும் வந்தன.

நான் 2018-இல் பி.காம் முடித்துவிட்டு அந்த குடோனில் சேர்ந்தேன். காவாங்கரை தாண்டி, ஜி.என்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து. மாதவரத்திலிருந்து செங்குன்றம் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் குடோன்கள்தானே. துறைமுகத்துக் கண்டெய்னர் வந்து இறங்கவும் ஆந்திராவுக்குச் சரக்கு ஏற்றவும் வசதியான இடம். புதுப்பொருள் ஊருக்குள் போகிற வழியில் பழைய பொருள் திரும்பி வருவதற்கும் ஒரு குடோன் இருந்தது ஆச்சரியமில்லை. வாசலில் நின்றால் தூரத்தில் ஏரிக்கரை தெரியும். சென்னை குடிக்கிற தண்ணீர் அது.

குடோன் யாருடையது என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம். டிவி, போன், ஃப்ரிட்ஜ் தயாரிக்கும் கம்பெனிகள் தாங்கள் விற்றதில் ஒரு பங்கைப் பழசானபின் திரும்ப எடுத்துப் பாதுகாப்பாகப் பிரித்தழிக்க வேண்டும் என்று சட்டம் 2012 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2016 விதிகள் அதற்கு ஒரு இலக்கு வைத்தன. 2018 திருத்தப்படி முதல் வருஷம் 10 சதவீதம், பிறகு வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏறும். அந்தக் கணக்கு கிலோவில். கம்பெனி தானே லாரி எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலையாது. அதற்காகவே பி.ஆர்.ஓ. என்ற அமைப்புகள் முளைத்தன. பல கம்பெனிகளின் பொறுப்பை ஒரே அமைப்பு கூலிக்கு ஏற்றுக்கொள்ளும். எங்களுடையது அப்படி ஒரு அமைப்புக்குச் சேகரிப்பு மையமாக இருந்த குடோன். சேகரிக்கலாம், ரகம் பிரிக்கலாம், அடுக்கலாம். திருகைக் கழற்றக் கூடாது. 180 நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்குள் பதிவு பெற்ற பிரிப்பாலைக்கோ ரிசைக்ளருக்கோ அனுப்பிவிட வேண்டும்.

கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் பண்ணி, "எங்க வீட்டு டிவிய எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னவர்கள் நான் இருந்த ஒன்றரை வருஷத்தில் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். எங்களுக்கு வந்த சரக்கில் பெரும்பகுதி காயலாங்கடைகளில் விலைக்கு வாங்கியது. தெருவில் வண்டி தள்ளுகிறவர் வீட்டுக்காரம்மாவிடம் நூறோ நூற்றைம்பதோ கொடுத்து டிவியை எடுப்பார், பக்கத்துக் கடையில் போடுவார், அங்கிருந்து பெரிய கடை, அங்கிருந்து நாங்கள். கம்பெனி அறிக்கையில் இது "நுகர்வோரிடமிருந்து சேகரிக்கப்பட்டது" என்று வரும். பொய் என்றும் சொல்ல முடியாது.

குடோனில் ரகம் பிரிக்கும் வேலைக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல். வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். தட்டை டிவி வந்ததும் கடை படுத்துவிட்டது. பழுது பார்த்த கை கடைசியில் எண்ணுகிற கையாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவர்தான்.

ஒரு லாரி நினைவிருக்கிறது. 180 டிவி என்று சீட்டில் இருந்தது. 14 இஞ்ச் டிவி ஒன்று பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும், ஆக 1,800 கிலோ என்று போட்டிருந்தார்கள். நான் தலை எண்ணினேன், 180 சரியாக இருந்தது. கையெழுத்துப் போடப் போனேன். அண்ணன் தடுத்தார். "எடைமேடைக்கு அனுப்புடா மொதல்ல." ரோட்டுமுனை எடைமேடையில் போட்டால் 1,610 என்று வந்தது. ஒரு டிவிக்கு ஒரு கிலோ சொச்சம் குறைகிறது.

அண்ணன் ஒரு டிவியைத் திருப்பி வைத்துப் பின்மூடியைக் காட்டினார். திருகின் தலையில் புதுக் கீறல் மின்னியது. ஆறு திருகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான். காற்றோட்டத்துக்கான துளைகள் வழியாக டார்ச் அடிக்கச் சொன்னார். "பத்து வருஷம் ஓடின டிவியில உள்ள தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். ஹை வோல்டேஜு தூசிய இழுக்கும். இதுல பாரு, வெரல் தடம் இருக்கு." உள்ளே பிக்சர் ட்யூபின் கழுத்து உடைந்திருந்தது. கழுத்தைச் சுற்றி வளையம்போல் மாட்டியிருக்கும் செம்புச் சுருளை, யோக் என்று சொல்வோமே, காணவில்லை. போர்டும் இல்லை. 180 டிவியிலும் இதே கதை. யோக்கும் போர்டும் சேர்ந்த எடைதான் அந்த ஒரு கிலோ சொச்சம்.

"டிவி வரல தம்பி. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வந்திருக்கு."

அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய டிவியின் எடையில் பாதிக்கு மேல் பிக்சர் ட்யூப்தான். பத்துக் கிலோ டிவியில் ஆறு கிலோ கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க ஒரே பாட்டில்போல் இருந்தாலும் அது இரண்டு வகைக் கண்ணாடி. நாம் பார்க்கிற முன்பக்கம் தடிமனானது. அதில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கலந்திருக்கும், ஈயம் இருக்காது அல்லது மிகக் குறைவு. பின்பக்கம் புனல்போல் குறுகி வருகிற பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஈய ஆக்சைடு. ட்யூபுக்குள் உண்டாகும் எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்கத்தான் அந்த ஈயம். இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கும் மெல்லிய கோட்டில் ஈயம் இன்னும் அதிகம். எங்கள் வீட்டு டிவி அளவுள்ள ட்யூபில் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட அரைக் கிலோ ஈயம் வரும். முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பவுடர் பூச்சு இருக்கும். படம் ஒளிர்வது அதில்தான். அதை மூச்சில் இழுக்கக் கூடாது.

இதை முறையாகப் பிரிப்பதை ஒருமுறைதான் பார்த்தேன், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ரிசைக்ளர் யார்டில். அண்ணனும் வந்திருந்தார். முதலில் ட்யூபின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, அடியில் இருக்கிற உலோகப் பொட்டை ஒரு கூரான கம்பியால் துளைத்தார்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம். ட்யூபுக்குள் இருப்பது வெற்றிடம். இப்படி மெல்லக் காற்றை விடாமல் சுத்தியால் அடித்தால் உள்நோக்கி வெடித்துச் சில்லு முகத்தில் பறக்கும். பிறகு யோக்கைத் தளர்த்திக் கழற்றினார்கள். ஒட்டுக்கோட்டைச் சுற்றி ஒரு கம்பியைக் கட்டி மின்சாரம் விட்டுச் சிவக்கச் சூடாக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அதன்மேல் குளிர்ந்த காற்று பட்டதும் டிக்கென்று ஒரு சத்தம், முகம் தனியாகப் புனல் தனியாக வந்துவிட்டது. உறிஞ்சி இழுக்கும் கருவியால் வெள்ளைப் பவுடரை எடுத்தார்கள். ஒரு ட்யூபுக்குச் சில நிமிஷம். அண்ணன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இருவது வருஷம் இதோட இருந்தேன், இப்பிடித் தெறக்கும்னு தெரியாது" என்றார்.

பிரித்தபின் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். ஈயமில்லாத முகக்கண்ணாடியை வேறு கண்ணாடி வேலைக்கு அனுப்பலாம். புனலை வாங்க ஒரு காலத்தில் ஆள் இருந்தது. பழைய புனலை உருக்கிப் புதுப் பிக்சர் ட்யூப் செய்தார்கள். உலகத்தில் அந்தத் தொழில் கடைசிவரை ஓடிய இடங்களில் ஒன்று குஜராத் பரூச்சில் இருந்த வீடியோகான் கண்ணாடி ஆலை. அமெரிக்காவின் பழைய டிவிக் கண்ணாடிகூட அங்கே வந்தது. ஆனால் யாருமே பிக்சர் ட்யூப் வாங்காத உலகத்தில் பிக்சர் ட்யூபுக்கான கண்ணாடியை உருக்கி என்ன பயன்? அந்தக் கதவும் மூடிவிட்டது. 2018-இல் அந்தக் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பது ஈயம் உருக்கும் ஆலைகள். பழைய பேட்டரியில் கிடைக்கிற ஈயத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கண்ணாடியில் ஈயம் கம்மி, கசடு அதிகம். அதனால் அவர்கள் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், கேட்பார்கள். அதுவும் முடியாவிட்டால் கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அபாயக் கழிவுக் கிடங்கு. புழலிலிருந்து அதே ரோட்டில் வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். அங்கேயும் கட்டணம் உண்டு.

ஆக, செம்பு காசு கொடுக்கும். போர்டு காசு கொடுக்கும். கண்ணாடி காசு கேட்கும். காயலாங்கடைக்காரர் இதை எந்தச் சட்டமும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார். யோக்கையும் போர்டையும் எடுத்துக்கொண்டு எங்களுக்குக் கண்ணாடியை அனுப்பினார். எங்களுக்கோ இலக்கு கிலோவில்தானே, கண்ணாடியும் கிலோதான். அந்த 180 டிவியைத் திருப்பி அனுப்பவில்லை. 1,610 கிலோ என்று திருத்தி உள்ளே எடுத்தோம்.

இப்படி எடுத்த சரக்கில் உடைந்த ட்யூபுகள் தனியாகக் குடோனின் பின்சுவர் ஓரம் சேர்ந்தன. ரிசைக்ளர் அவற்றை எடுக்க மறுத்தார். முழு ட்யூப் என்றால் முகமும் புனலும் பிரிக்கலாம். உடைந்து கலந்துவிட்டால் ஈயமில்லாத சில்லும் ஈயச் சில்லும் ஒன்றுதான், மொத்தக் குவியலும் ஈயக்கண்ணாடி என்றே கணக்கு. 2019 மழைக்காலத்துக்குள் குவியல் ஆறு டன் ஆகியிருந்தது. 180 நாள் எப்போதோ தாண்டியிருந்தது. மேலே தார்ப்பாய் போட்டிருந்தோம், அது கிழிந்தும் போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் ஒரு புது லாரிக்காரரை அனுப்பினார். கண்ணாடியை எடுத்துப் போக ஒரு ரிசைக்ளர் ஒத்துக்கொண்டார், விலையும் மலிவு என்றார். நான் மேனிஃபெஸ்ட் எழுதினேன். 2016 விதிகளில் படிவம் 6 என்று ஒன்று இருந்தது. எங்கள் குடோனில் அதற்கு மூன்று நகல், மூன்று நிறம். மஞ்சள் நகலில் லாரிக்காரர் கையெழுத்து வாங்கி நாம் வைத்துக்கொள்வது. மற்ற இரண்டும் லாரியோடு போகும். இளஞ்சிவப்பைச் சரக்கு வாங்குகிறவர் வைத்துக்கொள்வார். ஆரஞ்சில் அவர் கையெழுத்துப் போட்டு நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முழு ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்தது இந்த ஆரஞ்சுத் தாள்தான். சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு சேர்ந்த இடத்திலிருந்தே ஒரு சொல். அது வராதவரை என் எக்ஸெல் ஷீட்டில் அந்த வரி திறந்தே இருக்கும்.

ஒரு வாரம் வரவில்லை. இரண்டு வாரம். லாரிக்காரர் நம்பர் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். மேனேஜர் மேசைக்கு வந்து நின்று, "அந்த ஆறு டன்ன க்ளோஸ் பண்ணிடு, காப்பி வந்துடும்" என்றார். நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். சம்பளம் 11,000. அப்பா அப்போது ஸ்டான்லியில் இருந்தார். க்ளோஸ் பண்ணினேன். ஒரே ஒரு கட்டத்தில் "பெறப்பட்டது" என்று மாற்றினேன், அவ்வளவுதான். எங்கோ ஒரு கம்பெனியின் இலக்கில் 6,000 கிலோ ஏறியது.

அண்ணனிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "லாரி திரும்பி வந்த நேரம் பாத்தியா? சாய்ங்காலம் நாலுக்கு ஏத்துனோம். ஏழுக்கெல்லாம் காலி வண்டி நம்ம சிக்னல்ல நின்னுச்சு. கும்மிடிப்பூண்டி போயி எடை போட்டு எறக்கிட்டு மூணு மணி நேரத்துல வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால், செங்குன்றம் போகும் வழியில் பைக்கை ஓரம் கட்டினேன். தாழ்வான மனை ஒன்றை நிரவியிருந்தார்கள். முந்தின நாள் எப்போதோ பெய்த மழையில் மேல்மண் கரைந்து ஏதோ மின்னியது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கெட்டியான, லேசாக வளைந்த கண்ணாடிச் சில்லு. ஒரு பக்கம் வெள்ளைப் பூச்சு. பக்கத்தில் மெல்லிய, உள்பக்கம் கறுப்பு பூசிய சில்லு. முகமும் புனலும். அவை எங்களுடையவைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. புழலைச் சுற்றி அந்த வேலை செய்தது எங்கள் குடோன் மட்டுமில்லை. ஆனால் எங்களுடையவை இல்லை என்று காட்ட என்னிடம் ஆரஞ்சு நகல் இல்லை.

பயமுறுத்துவதற்காக எதையும் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. கண்ணாடிக்குள் இருக்கிற ஈயம் நாளைக்கே ஏரியில் கலந்துவிடாது. கண்ணாடி அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் சில்லு பொடியாகப் பொடியாக, படுகிற தண்ணீர் அமிலமாக ஆக, அந்தப் பிடி தளரும். குப்பையோடு சேர்ந்து கிடந்தால் வருகிற நீர் அமிலமாகத்தான் இருக்கும். மனையில் வீடு கட்டுகிறவர் தோண்டுவார், குழந்தைகள் அந்த மண்ணில் விளையாடும். இது நாற்பது வருஷத்துக் கதை. மாதக் கடைசி அறிக்கைக்குள் அடங்காது.

இப்படி நடப்பது நம் ஊரில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் ஒரு நிறுவனம் டிவிக் கண்ணாடியிலிருந்து ஈயம் பிரிக்கிறேன் என்று ஊரெல்லாம் இருந்து காசு வாங்கிக்கொண்டு கண்ணாடியை வாங்கிக் குவித்தது. 2016-இல் கதவைச் சாத்திவிட்டுப் போனபோது கிடங்குகளில் ஐந்து கோடிக் கிலோவுக்கு மேல் கண்ணாடி கிடந்தது. காசை முன்னால் வாங்கிவிட்டு வேலையைப் பின்னால் செய்கிற எல்லா இடத்திலும் இந்த ஓட்டை இருக்கும். ஜப்பானில் 2001-லிருந்து வேறு வழி. டிவியைத் தூக்கிப் போடுகிறவரே மறுசுழற்சிக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கி டிவியில் ஒட்ட வேண்டும். சீட்டில் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத் தன் டிவி தயாரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்ததா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். ஒருவகையில் ஆரஞ்சு நகல் வீட்டுக்காரர் கையில். ஆனால் டிவியைக் கொடுத்து நூறு ரூபாய் வாங்கிப் பழகிய எங்கள் தெருவில், காசு கட்டி டிவியைக் கொடு என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இரவோடு இரவாக எல்லா டிவியும் ஏரிக்கரையில் இருக்கும்.

2023 ஏப்ரலிலிருந்து விதிகள் மாறிவிட்டன. நான் அப்போது அந்த வேலையில் இல்லை, ஆனாலும் விடாமல் படித்தேன். பி.ஆர்.ஓ., சேகரிப்பு மையம் எல்லாம் பதிவுப் பட்டியலிலிருந்து போயின. இப்போது ரிசைக்ளர் பிரித்தெடுத்துக் காட்டுகிற உலோகத்துக்குச் சான்றிதழ். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என நான்கு. தயாரிப்பாளர் அந்தச் சான்றிதழை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளம் வழியாக வாங்கித் தன் இலக்கை முடிக்கிறார். 2024-இல் அதற்கு அடிமட்ட விலையும் வைத்தார்கள், டிவி போன்றவற்றுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். சில பெரிய கம்பெனிகள் அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் போயின.

சும்மா எடையைக் காட்டி ஏமாற்றுவதைவிட, எடுத்த செம்பைக் காட்டு என்பது நல்ல கேள்விதான். என்னைப் போன்ற ஆட்களின் எக்ஸெல் ஷீட்டை நம்ப வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டு டிவியை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோவில் செம்பு சில நூறு கிராம். இரும்பு கொஞ்சம். தங்கம் சொல்லும்படி இல்லை, அந்தக் காலத்து டிவி போர்டு மட்ட ரகம். ஆறு கிலோ கண்ணாடிக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. அதை முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, சேர்த்ததற்கு ஒரு பைசா இல்லை. முன்பு கண்ணாடியையாவது கிலோ என்று மதித்தார்கள். இப்போது காயலாங்கடைக்காரரின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் ஒன்றாகிவிட்டன, செம்பை எடு என்கின்றன இரண்டும். ஒன்றரைக் கோடி டிவியை ஆறால் பெருக்கிப் பார்த்தேன். 90,000 டன் கண்ணாடி வருகிறது. அதில் எவ்வளவு இன்னும் வீடுகளில் இருக்கிறது, எவ்வளவு ஏற்கெனவே மண்ணுக்குள் என்று எந்தச் சான்றிதழும் காட்டாது.

எங்கள் டிவி வீட்டில்தான் இருக்கிறது, பரண்மேல். 2014-லேயே படம் போய்விட்டது. பாட்டு மட்டும் கொஞ்ச நாள் கேட்டது. அப்பா போனபின் அம்மா அதைக் கொடுக்க விடவில்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவளே, "போட்டுடலாம்டா, எடத்த அடச்சிக்கிட்டு" என்றாள். தெருவில் வந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் திருப்பிப் பார்த்து, நூற்றிருபது தருகிறேன் என்றார். கண்ணாடியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்போல. "யோக்கு, போர்டு எடுத்துப்போம் சார். ட்யூபு யாருக்கு வேணும்? வேணும்னா நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு ஃபேன் கடையில் காயில் சுற்றுகிறாராம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். கும்மிடிப்பூண்டி யார்டில் அந்தச் சூட்டுக் கம்பி மெஷின் இன்னும் ஓடுகிறதா என்று தெரிந்தவரிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். "ஓடுச்சுன்னா ஒரு ஞாயித்துக்கெழம பைக்ல வெச்சு நாமளே கொண்டுபோயி குடுத்துடலாம். கழுத்துப் பக்கம் அடிபடாம வெய்யி, போற வழியில ஒடஞ்சிரப் போவுது."

இன்னும் அவர் திரும்பக் கூப்பிடவில்லை. டிவியை மறுபடி பரணில் ஏற்றி, பழைய போர்வையால் சுற்றி, முகம் கீழே இருக்கும்படி வைத்திருக்கிறேன்.